பன்னிரண்டு மணிக்கு மைக் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் போதும், எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுதோறும் ஒரே விவாதம்தான். புத்தாண்டு இரவைத் தெருவில் கொண்டாடுவதா, வேண்டாமா? இளைஞர்கள் "வருஷத்துல ஒருநாள்தானே" என்பார்கள். பெரியவர்கள் "எங்களுக்குத் தூக்கம் போகுது, நிறுத்துங்க" என்பார்கள். சண்டை நடப்பது கொண்டாட்டத்தைப் பற்றி அல்ல, சவுண்ட் பாக்ஸைப் பற்றி என்பது என் கருத்து. அதைத் தனியாகப் பிரித்து எடுத்துவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் தெருவில் இடம் இருக்கிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-ஆம் ஆண்டே வந்துவிட்டன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாள்களுக்கு மட்டும் மாநில அரசு 10 மணியிலிருந்து 12 மணி வரை தளர்வு கொடுக்கலாம். அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாள்களுக்கு மேல் போகக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை இருப்பதைக் கவனித்தீர்களா? தளர்வு கிடைத்தாலும் அது முடிவது நள்ளிரவு 12 மணிக்கு. புத்தாண்டு பிறப்பதும் அதே 12 மணிக்கு. அதாவது எந்த நிமிடத்துக்காக மைக் வேண்டும் என்று கேட்கிறோமோ, அந்த நிமிடத்தில் அனுமதி தீர்ந்துவிடுகிறது. "பெர்மிஷன் வாங்கிட்டோம் டீச்சர்" என்று வரும் தம்பிகளிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

அதனால் என் யோசனை இது. மைக்கோடு நடக்க வேண்டியதெல்லாம் இரவு 10 மணிக்கு முன்பே முடியட்டும். நள்ளிரவில் கூடுவோம், ஆனால் மைக் இல்லாமல்.

எங்கள் தெரு திருச்சியில் இருக்கிறது. முப்பத்தெட்டு வீடுகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கே வாடகை சவுண்ட் செட் வைத்து 12.40 வரை பாட்டு ஓடியது. போலீஸ் வந்து நிறுத்தியது. புகார் கொடுத்தது யார் என்ற ஊகத்திலேயே இரண்டு வீட்டாருக்குள் பொங்கல் வரை பேச்சு இல்லை. சென்ற ஆண்டுதான் முறையை மாற்றினோம். அது எப்படி நடந்தது, எங்கே இடறியது என்று சொல்கிறேன்.

முதல் வேலை, டிசம்பர் 20 வாக்கில் வீடு வீடாகப் போய்க் கேட்டது. குழுவில் கேட்டால் சத்தமாகப் பேசுகிறவர்கள்தான் பதில் சொல்வார்கள். நேரில் கேட்டோம்: நீங்கள் வருவீர்களா, வழக்கமாக எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், தெருப் பக்க அறையில் தூங்குவது யார்? மூன்றே கேள்விகள். "வயதானவர்கள்" என்று ஒரே கூடையில் போட்டு வைத்திருந்தது தவறு என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. 82 வயது பாட்டி ஒருவர், "நானும் வருவேன், நாற்காலி மட்டும் போடு" என்றார். இன்னொரு வீட்டில் மறதி நோய் உள்ள பெரியவர். திடீர்ச் சத்தத்தில் விழித்தால், இருக்கும் இடம் தெரியாமல் பயந்து வாசலுக்கு ஓடி வந்துவிடுவாராம். அந்த வீட்டு மருமகள், "டிசம்பர் 31 வந்தாலே எனக்கு வயித்தைக் கலக்கும் டீச்சர்" என்றது இன்னும் காதில் இருக்கிறது. இன்னும் சில வீடுகளில் மார்கழி என்பதால் நான்கு மணிக்கே எழுந்து கோயிலுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களோ நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்விடுவதால் 12 மணிக்குத் தெருவிலேயே இருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நிகழ்ச்சியை இரண்டாக உடைத்தோம்.

முதல் பகுதி 8.45-லிருந்து 9.50 வரை. இது குழந்தைகளுக்கானது. ஒரு பாட்டு, இரண்டு நடனம், ஒரு சின்ன வினாடி வினா. கேக் வெட்டுவது சரியாக 9.30-க்கு. ஏன் 9.30? முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்தியவள் இல்லையா, விட்டுவிடுவேனா? சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நமக்கு 9.30 ஆகும்போது அங்கே நள்ளிரவு 12. திருச்சியில் எந்தத் தெருவை எடுத்தாலும் சிங்கப்பூரில் ஒரு மகனோ மகளோ இருப்பார்கள். ஒரு வீட்டுப் பையனை வீடியோ அழைப்பில் பிடித்து, அவனோடு சேர்ந்து குழந்தைகள் பத்திலிருந்து ஒன்று வரை எண்ணினார்கள். பொய்யாக ஒரு புத்தாண்டைச் சொல்லிக் குழந்தைகளை ஏமாற்றவில்லை. உண்மையிலேயே ஓர் ஊரில் பிறந்த புத்தாண்டு அது. "அப்ப சிட்னில எப்ப மிஸ்?" என்று ஒரு நான்காம் வகுப்புக் குட்டி கேட்டது. சாயங்காலம் ஆறரைக்கே பிறந்துவிட்டது என்றதும் வாயைப் பிளந்தது.

9.50-க்கு மைக்கைக் கழற்றி உள்ளே வைத்தாயிற்று. வெளியே இருந்தால் யாராவது ஒருவர் "ஒரே ஒரு பாட்டு" என்பார். திருப்பலிக்குப் போகிறவர்களும் கேக் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பினார்கள். எல்லா வீடும் ஒன்றாக இருந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

மைக் வைத்த நேரத்திலும் ஒன்றைக் கவனித்தோம். பெரிய பெட்டிகள் இரண்டை உயரத்தில் ஏற்றித் தெருவின் இரு முனையிலும் வைப்பது வழக்கம். அது வராதவர்களுக்குத்தான் கேட்கும். சிறிய பெட்டி ஒன்றை இடுப்பு உயரத்தில், உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து வைத்தாலே போதும். திறந்தவெளியில் தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 85 டெசிபல் என்றால் 16 மீட்டரில் 61. இருபுறமும் சுவர் உள்ள தெருவில் அவ்வளவுகூடக் குறையாது. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். இந்தக் கணக்கைப் பார்த்தால், பத்து மணிக்கு மேல் "சவுண்டைக் கொஞ்சம் குறைச்சுக்கிறோம்" என்ற சமாதானம் ஏன் எடுபடாது என்று தெரியும். குறைத்தால் போதாது, நிறுத்த வேண்டும்.

இரண்டாம் பகுதி 11.30-லிருந்து 12.15 வரை. இடத்தை மாற்றினோம். வழக்கமான நடுத்தெரு வேண்டாம் என்று, காலி மனை இருக்கும் மேற்கு முனைக்குப் போனோம். மறதி நோய்ப் பெரியவரின் வீடு கிழக்கு முனையில். பதினொரு மணியிலிருந்தே பெண்களும் பையன்களுமாகப் புத்தாண்டுக் கோலம் போட ஆரம்பித்தார்கள். சத்தமே இல்லாமல் இருபது பேர் சேர்ந்து செய்யக்கூடிய வேலை கோலம்தான். பாட்டிக்குக் கை வைத்த நாற்காலி, காதை மூட ஒரு சால்வை, பனிக்குச் சுக்குக் காபி. பக்கத்து வீட்டுக் கழிப்பறையைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தோம். பெரியவர்கள் பாதியில் எழுந்து போவதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான், வெளியே சொல்ல மாட்டார்கள்.

11.50-க்கு அந்த வருடம் தெருவில் பிறந்த குழந்தைகளின் பெயரையும், மறைந்தவர்களின் பெயரையும் ஒருவர் வாசித்தார். மைக் இல்லாததால் எல்லோரும் நெருங்கி வந்து நின்று கேட்டார்கள். பிறகு எண்ணினோம். கத்தினோம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பத்து வினாடி. கைகுலுக்கல், சர்க்கரைப் பொங்கல், முடிந்தது.

பட்டாசு பற்றியும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் புத்தாண்டுக்குக் கொடுத்த நேரம் இரவு 11.55 முதல் 12.30 வரை. சரவெடிக்கு எப்போதுமே தடை. ஆகவே 9.30 நிகழ்ச்சியில் குழந்தைகள் கையில் மத்தாப்புகூடக் கொடுக்கவில்லை. நள்ளிரவிலும் வெடி வேண்டாம், மத்தாப்பு மட்டும் என்று முடிவு செய்தோம்.

இடறிய இடங்கள் இரண்டு. 12.05-க்கு ஒரு தம்பி காரைக் கொண்டுவந்து நான்கு கதவையும் திறந்து பாட்டுப் போட்டான். பெரியவர்கள் போய்க் கேட்டிருந்தால் வாக்குவாதம் ஆகியிருக்கும். அதற்கென்றே பொறுப்பில் இருந்த இருபத்திரண்டு வயதுப் பையன் தோளில் கை போட்டு, "டேய், கிழக்கு வீட்டுத் தாத்தா முழிச்சுக்குவார்டா" என்றான். பாட்டு நின்றது. சட்டத்தைச் சொல்லியிருந்தால் நின்றிருக்குமா, தெரியாது. இன்னார் என்று சொன்னதால் நின்றது.

இரண்டாவதை யாருமே எதிர்பார்க்கவில்லை. மறுநாள் வந்த ஒரே புகார், 12.15-க்குப் பிறகு வீடு திரும்பியவர்கள் வழியில் ஒரு ஜன்னலுக்குக் கீழே நின்று அரைமணி நேரம் பேசியது பற்றித்தான். கூட்டம் முடிவதும் கலைவதும் வேறு வேறு. இந்த முறை பேச விரும்புகிறவர்கள் காலி மனையிலேயே நின்று பேசிவிட்டு, வாயை மூடிக்கொண்டு நடந்து வர வேண்டும் என்று சொல்லப் போகிறோம்.

வராமல் தூங்கியவர்களுக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குக் குழந்தைகள் தட்டில் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இரவு எழுப்பி வாழ்த்துவதைவிட இது மேல் என்பதை அந்த வீட்டுக்காரர்களே சொன்னார்கள்.

"அப்ப டான்ஸ் ஆட ஆசைப்படறவங்க என்ன பண்றது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மூடிய மண்டபத்துக்குள், வெளியே கேட்காமல் ஆடச் சட்டமே இடம் கொடுக்கிறது. வாடகை சவுண்ட் செட்டுக்குப் போகும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் ஒரு சிறிய ஹால் கிடைக்கும். ஆடட்டும், நானே நன்கொடை தருகிறேன். ஆனால் தெரு என்பது முப்பத்தெட்டு வீட்டுக்கும் பொது. அதில் ஒரு வீட்டு மருமகள் டிசம்பர் 31-ஐ நினைத்துப் பயந்துகொண்டிருக்கும்வரை, மற்ற முப்பத்தேழு வீடும் சேர்ந்து போட்டாலும் அது தெருக் கொண்டாட்டம் ஆகாது என்பதே என் கட்சி.

உங்கள் தெருவில் எப்படி நடக்கிறது? வேறு நல்ல வழி இருந்தால் எழுதுங்கள். இன்னும் நாள் இருக்கிறது, எங்கள் குழுவில் எடுத்துச் சொல்கிறேன்.