ஒரே டாலருக்கு மூன்று விலை: இறக்குமதி சரக்கின் அடக்க விலை கைக்கு வருவதற்குள் மாறுவது ஏன்?

வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைப்பவர்கள் பலரும் முதலில் செய்வது ஒன்றுதான். சப்ளையர் சொன்ன டாலர் விலையை அன்றைய ரேட்டால் பெருக்கி, கொஞ்சம் வரி, கொஞ்சம் கப்பல் செலவு சேர்த்து, ‘இவ்வளவுதான் அடக்கம்’ என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். அந்த விலையை நம்பி வாடிக்கையாளருக்குக் கொட்டேஷனும் போய்விடும்.

ஆனால் ஆர்டர் போடும் நாள், துறைமுகத்தில் வரி கட்டும் நாள், சப்ளையருக்குப் பணம் அனுப்பும் நாள் மூன்றுக்கும் நடுவே பல மாதங்கள் ஓடிவிடும். ஒவ்வொரு நாளிலும் டாலருக்கு ஒரு விலை. 2025 மே தொடக்கத்தில் டாலர் 84 ரூபாய் சொச்சத்தில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் 90 ரூபாயைத் தாண்டியது. இந்த இடைவெளியில் சிக்கிய ஒரு ஆர்டர் என்ன ஆகும்?

ஆர்டர் போட்ட நாளின் கணக்கு

கோவையில் பேக்கிங் மெஷின் விற்கும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். இது கற்பனைக் கணக்குதான், ஆனால் ரேட்டுகள் அந்தந்த மாதச் சந்தை நிலவரத்தை ஒட்டியவை. மே மாதம் சீனாவில் 50,000 டாலருக்கு ஒரு மெஷின் ஆர்டர் செய்கிறார். விலை எஃப்.ஓ.பி., அதாவது அங்கே கப்பலில் ஏற்றும் வரைதான் சப்ளையர் செலவு. அதற்குப் பிறகு கப்பல் கட்டணம் 1,800 டாலர், இன்சூரன்ஸ் 200 டாலர். சப்ளையருக்குப் பணம், சரக்கு கப்பலேறிய 120 நாளில் தர வேண்டும்.

சுங்க வரி மெஷின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்ந்த 52,000 டாலர் மீது போடப்படுகிறது. அடிப்படைச் சுங்க வரி 7.5% என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியின் மேல் 10% சமூக நல சர்சார்ஜ் உண்டு. இரண்டும் சேர்ந்தால் 8.25%.

84.50 ரூபாய் ரேட்டில் சரக்கு மதிப்பு 43,94,000 ரூபாய், வரி 3,62,505 ரூபாய். துறைமுகச் செலவு, கிளியரிங் ஏஜென்ட், லாரி வாடகை எல்லாம் 90,000 ரூபாய். ஆக அடக்கம் 48,46,505 ரூபாய். வாடிக்கையாளருக்கு ஜி.எஸ்.டி. நீங்கலாக 53 லட்சம் என்று விலை சொல்லி, அட்வான்ஸும் வாங்கிவிடுகிறார். சுமார் நாலரை லட்சம் லாபம். காகிதத்தில் நல்ல வியாபாரம்தான்.

கஸ்டம்ஸ் பார்க்கும் டாலர் எது?

ஆகஸ்ட் முதல் வாரம் மெஷின் கப்பலேறி, மாதக் கடைசியில் சென்னை வருகிறது. இங்கே பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. வரிக் கணக்குக்கு ஆர்டர் போட்ட நாளின் ரேட் செல்லாது. வங்கி சொல்லும் ரேட்டும் செல்லாது. ‘பில் ஆஃப் என்ட்ரி’ தாக்கல் செய்யும் நாளில் சுங்க வாரியத்தின் அறிவிக்கப்பட்ட மாற்று விகிதம் எதுவோ அதுதான் செல்லும்.

அது 88 ரூபாய் என்றால், 52,000 டாலரின் மதிப்பு 45,76,000 ரூபாய் ஆகிறது. வரி 3,77,520 ரூபாய். மே மாதக் கணக்கை விட 15,015 ரூபாய் அதிகம். கப்பல் கட்டணத்தையும் இன்சூரன்ஸையும் 89 ரூபாய் ரேட்டில் கட்டியதாகக் கொண்டால் அதில் 9,000 ரூபாய் கூடுகிறது. ஷிப்பிங் நிறுவனங்கள் பில்லில் போடும் ரேட் பெரும்பாலும் சந்தை ரேட்டை விடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

இவை தவிர ஐ.ஜி.எஸ்.டி. 18%. சரக்கு மதிப்பும் சுங்க வரியும் சேர்ந்த தொகை மீது இது போடப்படும். இங்கே சுமார் 8.92 லட்சம் ரூபாய். மெஷினை விற்கும்போது வசூலிக்கும் ஜி.எஸ்.டி.யில் இதைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் இது அடக்கத்தில் சேராது. ஆனால் மெஷின் துறைமுகத்தை விட்டு வெளியே வரும் முன்பே கையில் ரொக்கமாக இருந்தாக வேண்டும்.

லாபம் எங்கே காணாமல் போனது?

செப்டம்பரில் மெஷினை வாடிக்கையாளரிடம் ஒப்படைத்து 53 லட்சத்தை வாங்கியாகிவிட்டது. அக்கவுன்டன்ட் 88 ரூபாய் ரேட்டில் அடக்கம் போடுகிறார்: 50,45,520 ரூபாய். லாபம் இரண்டரை லட்சம். குறைந்துவிட்டது, ஆனாலும் பரவாயில்லை என்று தோன்றும்.

கதை அங்கே முடியவில்லை. சப்ளையருக்கு இன்னும் பணம் போகவில்லையே! டிசம்பரில் கெடு வரும்போது சந்தையில் டாலர் 90 ரூபாய். வங்கி தன் மார்ஜினைச் சேர்த்து 90.20 ரூபாய்க்கு விற்கிறது. 50,000 டாலருக்கு 45,10,000 ரூபாய் போகிறது. உண்மையான மொத்த அடக்கம் 51,55,520 ரூபாய். மிஞ்சிய லாபம் 1,44,480 ரூபாய் மட்டுமே. மே மாதம் போட்ட கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கடைசியாகக் கரைந்த 1,10,000 ரூபாய், கணக்குப் புத்தகத்தில் மெஷின் விலையில் ஏறாது. ‘அந்நியச் செலாவணி நஷ்டம்’ என்று தனித் தலைப்பில் போய் உட்காரும். அதனால்தான் சரக்குவாரியாகப் பார்த்தால் எல்லாம் லாபமாகத் தெரியும். ஆண்டுக் கடைசியில் பார்த்தால் பணம் இருக்காது. ஒரு ஆர்டரின் நிஜ லாபம் தெரிய வேண்டுமென்றால், சப்ளையருக்குப் பணம் போன பிறகு அடக்கத்தை இன்னொரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

கப்பல் கட்டணம் ஏறினால்?

கப்பல் கட்டணக் கொட்டேஷன் பொதுவாகச் சில வாரங்களுக்குத்தான் செல்லும். மே மாதம் சொன்ன 1,800 டாலர், ஆகஸ்ட்டில் 3,000 ஆகியிருந்தால்? கூடுதல் கட்டணம் 1,06,800 ரூபாய். அதன் மேல் சுங்க வரி சுமார் 8,700 ரூபாய். மீதமிருந்த லாபத்தில் பெரும்பகுதி அதிலேயே போயிருக்கும்.

டாலரை விட்டால் தப்பிக்கலாமா?

‘வேறு கரன்சியில் பில் போடச் சொல்லலாமே’ என்று தோன்றலாம். 2025-ல் யூரோவுக்கு மாறியவர்களுக்கு அடி இன்னும் பலமாகவே விழுந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் 90 ரூபாய்க்குக் கீழே இருந்த யூரோ, டிசம்பரில் 100 ரூபாயைத் தாண்டி நின்றது. ரூபாயிலேயே பில் போடச் சப்ளையர் ஒப்புக்கொண்டாலும், ரேட் ஏறும் என்ற பயத்துக்கு ஒரு தொகையை விலையில் சேர்த்துவிடுவார். ரிஸ்க் மறைவதில்லை, கைதான் மாறுகிறது.

வங்கியில் ‘ஃபார்வேர்ட் கான்ட்ராக்ட்’ போடுவது இன்னொரு வழி. டிசம்பரில் இன்ன ரேட்டுக்கு டாலர் வாங்குகிறேன் என்று மே மாதமே உறுதி செய்துகொள்வது. அன்றைய ரேட்டை விட ஒரு ரூபாய் கூடுதலாக, 85.50 ரூபாய்க்குக் கிடைத்திருந்தால் மெஷினுக்கான பணம் 42,75,000 ரூபாயோடு நின்றிருக்கும். 2,35,000 ரூபாய் மிச்சம். அதே நேரம் டாலர் 84.50-லேயே நின்றிருந்தால் 50,000 ரூபாய் வீணாகச் செலவானதாகத் தோன்றும். சரக்கு தாமதமாகி பணம் கட்டும் தேதி தள்ளிப்போனால், கான்ட்ராக்டை நீட்டிக்கவும் செலவு உண்டு.

கொட்டேஷன் போடும் முன்...

இந்த ஆர்டரில் டாலர் ஒரு ரூபாய் ஏறினால் மெஷின் விலையில் 50,000, கப்பல் கட்டணம், இன்சூரன்ஸில் 2,000, வரியில் 4,290 என்று மொத்தம் 56,290 ரூபாய் கூடும். நாலரை லட்ச லாபத்தை இதால் வகுத்தால் எட்டு. அதாவது எல்லாக் கட்டங்களிலும் டாலர் எட்டு ரூபாய் ஏறினால் லாபம் பூஜ்யம்.

விலை சொல்லும் முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டால், ஃபார்வேர்ட் தேவையா இல்லையா என்று முடிவெடுப்பது சுலபம். இன்னொன்று: ‘இந்த விலை டாலர் 84.50 ரூபாய் என்ற அடிப்படையில். பணம் செலுத்தும் நாளில் 86-ஐத் தாண்டினால் வித்தியாசம் வாடிக்கையாளருடையது’ என்று கொட்டேஷனிலேயே ஒரு வரி எழுதிவிடலாம். வாடிக்கையாளர் பேரம் பேசத்தான் செய்வார். ஆனால் அந்தப் பேரம், அட்வான்ஸ் வாங்கும் முன்பே நடந்து முடிந்துவிடும்.