நாற்பது டம்ளர்

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்காகக் கடைக்காரரிடம் போய், "தங்களால் இயன்றதைக் கொடுங்கள்" என்று கேட்டால், நூறு ரூபாயை நீட்டிவிட்டுப் பேரேட்டைப் பார்க்கத் திரும்பிவிடுவார். குற்றம் அவருடையதன்று, எதற்கு, எவ்வளவு என்று நாம் சொல்லவில்லையே!

விழாவில் 40 பரிசுகள் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பாத்திரக் கடை முதலாளியிடம், "எவர்சில்வர் டம்ளர் 40, ஒன்று 150 ரூபாய் வீதம் 6,000 ரூபாய்" என்று காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். பணமாக அன்றிப் பாத்திரமாகவே கேட்பது உத்தமம். அவருக்குக் கொள்முதல் விலையோடு போயிற்று. நமக்கோ முழுப் பரிசு. டம்ளரில் மாணவன் பெயரை மேலேயும் கடையின் பெயரை அடியிலும் வெட்டிக்கொள்ளலாம். வாசலில் கட்டும் துணி விளம்பரம் மறுநாளே அவிழ்க்கப்படும். டம்ளரோ நாற்பது வீடுகளில் பல வருஷம் புழங்கும். இந்தக் கணக்கு வியாபாரிக்கு உடனே விளங்கும்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன்பே அவரைப் பார்த்துவிட வேண்டும். பிறகு போனால் அவர் பெயரைப் போட இடமேது? தீபாவளி நெருக்கடியில் போகலாகாது. இன்னொரு பாத்திரக் கடையிலும் கேட்டு இருவர் பெயரையும் சேர்த்துப் போட்டால், இருவருமே கோபிப்பார்கள். பரிசு வழங்க அவரை மேடைக்கு அழைக்கலாம். கடையைப் பற்றிப் பிரசங்கம் செய்ய மட்டும் இடம் கொடுக்க வேண்டாம்.

விழா முடிந்த வாரத்திலேயே பெற்றுக்கொண்டதற்கு ரசீதும், பரிசு வாங்கியவர்களின் ஜாபிதாவும், ஒரு புகைப்படமும் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் நாம் போகும்போதெல்லாம் முதலாளி வெளியூர் போயிருப்பார்.