முதலில் மட்டை, பிறகு மொடல்

போன வருசம் இரண்டு மாதமாக எட்டு வள்ளம் மொடல் செய்தோம். படத்தில் தெரிஞ்சது இரண்டு. மற்ற ஆறும் கமராவுக்குப் பின்னால் நின்றன. எங்களிடம் இருப்பது ஒரு லாப்டொப். அதில் இரண்டு மாதம் போவதென்றால் என்னவென்று இதை வாசிக்கிற பலருக்குத் தெரியும்.

அதனால் இந்த முறை ஒரு தீர்மானம்: காட்சி மட்டையில் ஓடும்வரை பிளெண்டரைத் திறப்பதில்லை.

காட்சி சின்னது. திருகோணமலை உட்துறைமுகத்தில் ஒரு ஜெட்டி. அம்மா வலைக்குப் பக்கத்தில் நிற்கிறா. மகன் சைக்கிளில் வந்து, வெளிநாடு போகப்போறன் என்கிறான். 1:20 அளவில் வெட்டினோம். 12 மீற்றர் ஜெட்டி 60 சென்ரிமீற்றர், 5.5 மீற்றர் வள்ளம் 27.5 சென்ரிமீற்றர், 160 சென்ரிமீற்றர் அம்மா 8 சென்ரிமீற்றர். பிஸ்கட் பெட்டி, பசை, பிளேட் போதும். முகம், நிறம் எதுவும் வேண்டாம்.

முதல் நாள் எடுத்ததெல்லாம் கூரையிலிருந்து காகம் பார்த்த மாதிரி இருந்திச்சு. காரணம் லேசு: ஃபோனை மேசையில் நிமிர்த்தி வைத்தால் லென்ஸ் கிட்டத்தட்ட 14 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். 1:20 கணக்கில் அது 2.8 மீற்றர். ஃபோனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் மேசைக்குக் கிட்ட வரும். பிறகு தீப்பெட்டிகளை அடுக்கி 7.5 சென்ரிமீற்றருக்கு உயர்த்தினால், அதுதான் அம்மாவின் கண்மட்டம்.

அடுத்தது, ஃபோன் பார்க்கிற அகலமும் பிளெண்டர் கமரா பார்க்கிற அகலமும் ஒன்றாக இருக்க வேணும். சுவரில் அளவுநாடாவை ஒட்டி, சரியாக 100 சென்ரிமீற்றர் தள்ளி ஃபோனைக் கிடையாக வைத்தோம். வீடியோவில் தெரிந்தது 130 சென்ரிமீற்றர். தூரத்தை 36ஆல் பெருக்கி, தெரிந்த அகலத்தால் பிரித்தால் 27.7. பிளெண்டரில் Sensor Width 36 ஆகவே இருக்க, Focal Length இல் இந்த எண்ணைப் போட வேணும். வீடியோ எடுக்கப்போகிறீர்கள் என்றால் வீடியோவில்தான் அளக்க வேணும். பல ஃபோன்கள் நடுக்கத்தைக் குறைக்க ஓரத்தை வெட்டிவிடும். கிட்டப் போகும்போது படம் திடீரெனத் துள்ளினால், ஃபோன் தானாக வேறு லென்ஸுக்கு மாறிவிட்டது. அந்த ஷொட் கணக்கில் இல்லை.

இப்ப உண்மையான விசயத்துக்கு வருவம். நாங்கள் எழுதிய காட்சியில் மகன் அம்மாவைக் கடந்து ஜெட்டியின் நுனிக்குப் போய்த் திரும்பிப் பேசுவான். மட்டையை நகர்த்தி, துண்டு துண்டாக எடுத்து ஒட்டிப் பார்த்தால், குளோசப்பில் இரண்டு பேரும் வலது பக்கமே பார்க்கினம். மூன்றாவது ஆளோடு கதைக்கிற மாதிரி! அவன் கடந்ததில் இருவருக்கும் இடையிலான கோடு திரும்பிவிட்டது. அவனுடைய குளோசப்புக்கு மட்டும் கமரா பழைய இடத்திலேயே நின்றது. அவனை வள்ளம் கட்டுற கட்டைக்குப் பக்கத்திலேயே, அம்மாவைக் கடக்க முதல், நிறுத்தினோம். பிரச்சினை தீர்ந்தது. அதோடு, தாயைத் தாண்டிப் போகமுடியாமல் நிற்கிற மகன் என்ற அர்த்தமும் வந்து சேர்ந்தது. அதை நாங்கள் எழுதவில்லை, மேசையில் கண்டுபிடித்தோம்.

வெளிச்சமும் அப்படித்தான். உட்துறைமுகம் ஊருக்கு மேற்கே. மாலையில் கரையிலிருந்து தண்ணியைப் பார்த்தால் சூரியன் எதிரே. இன்னொரு ஃபோனின் டோர்ச்சை அந்தப் பக்கம் வைத்ததும் அம்மாவின் முன்பக்கம் முழுக்கக் கறுப்பு. காட்சியைக் காலைக்கு மாற்றினோம்.

“இதையெல்லாம் பிளெண்டரிலேயே சாம்பல் பெட்டிகளை வைத்துச் செய்யலாமே” என்று கேட்பார்கள். செய்யலாம். ஆனால் அங்கே மௌஸ் ஒருவர் கையில். மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். மேசையைச் சுற்றி ஐந்து பேருக்கும் கை இருக்கு. 1983இல் வந்த ‘ரிட்டர்ன் ஒஃப் த ஜெடாய்’ படத்தின் காட்டுத் துரத்தலையே பொம்மைகளையும் சின்ன வீடியோ கமராவையும் வைத்துத்தான் முதலில் ஒத்திகை பார்த்தார்கள்.

மட்டையால் முடியாததும் உண்டு. கிட்டவிருந்து எடுப்பதால் பின்னணி அளவுக்கு மிஞ்சி மங்கும். அதை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. பறக்கிற கமரா, தண்ணியின் அசைவு, முகபாவம் இதற்குள் வராது. அவற்றுக்குக் கணினிதான்.

எங்கள் கருத்து இவ்வளவுதான்: யார் எங்கே நிற்பது, கமரா எதைப் பார்ப்பது என்பவை மொடலிங்குக்கு முந்திய கேள்விகள். இந்தமுறை மூன்று நாள் மட்டை வெட்டினோம். மொடல் செய்ய வேண்டிய பட்டியலில் இப்ப இரண்டு வள்ளம், ஒரு கட்டை, ஒரு சைக்கிள். தூரத்துக் குன்றுகளுக்கு ஒரு படம் போதும்.