ஏழு இலட்சம் என்பது யாருடைய சம்பளம்?

பொறியியல், மேலாண்மைக் கல்லூரிகளின் சேர்க்கைக் கையேடுகளில் இரண்டு எண்கள் பெரிய எழுத்தில் இடம்பெறுவது வழக்கம். ஒன்று உச்சச் சம்பளம். மற்றொன்று சராசரிச் சம்பளம். முதல் எண் ஒரே ஒரு மாணவரைப் பற்றியது என்பதைப் பெற்றோர் அறிவர். இரண்டாவது எண் தம் பிள்ளையைப் பற்றியது என்று அவர்கள் நம்புகின்றனர். கல்விக் கடன் வாங்கும் முடிவு அந்த நம்பிக்கையின்மேல் எடுக்கப்படுகிறது. ஆகவே, கூட்டுச் சராசரி, இடைநிலை, முகடு ஆகிய மூன்றில் எதைச் சொல்வது என்பது வெறும் பாடநூல் வினா அன்று.

ஒரு கற்பனை வகுப்பை எடுத்துக்கொள்ளலாம். வளாகத் தேர்வில் 20 பேர் வேலை பெறுகின்றனர். ஆண்டுச் சம்பளம் இலட்ச ரூபாயில்: ஏழு பேருக்கு 3.6, இருவருக்கு 4, மூவருக்கு 4.5, இருவருக்கு 5, இருவருக்கு 6, எஞ்சிய நால்வருக்கு முறையே 7.5, 9, 12, 42.8. மொத்தம் 140 இலட்சம். கூட்டுச் சராசரி 7 இலட்சம். வரிசைப்படுத்தினால் பத்தாவது, பதினோராவது இடங்களில் நிற்பவை 4.5; எனவே இடைநிலை 4.5 இலட்சம். மிகுதியும் வரும் எண், அதாவது முகடு, 3.6 இலட்சம்.

ஏழு இலட்சம் என்று கையேட்டில் அச்சிட்டால் அதில் கணக்குப் பிழை ஏதுமில்லை. ஆயினும் அந்த வகுப்பில் ஏழு இலட்சம் வாங்குபவர் ஒருவருமில்லை. இருபதில் பதினாறு பேர் அதற்குக் கீழே நிற்கின்றனர். 42.8 இலட்சம் பெற்ற ஒருவரை மட்டும் நீக்கிப் பார்த்தால் சராசரி 5.1 இலட்சமாகச் சரிகிறது. இடைநிலையும் முகடும் அசைவதில்லை. கூட்டுச் சராசரி ஒவ்வொரு மதிப்பின் பருமனையும் கணக்கில் கொள்கிறது. இடைநிலைக்கு வரிசையில் இடம் மட்டும் போதும். மேல் எல்லையில் இருப்பவர் 12 இலட்சம் வாங்கினாலும் 42.8 வாங்கினாலும் இடைநிலைக்கு ஒன்றே.

இதைக் கடனோடு சேர்த்துப் பார்த்தால் வேறுபாட்டின் எடை புலப்படும். பத்து இலட்ச ரூபாய்க் கடன், ஆண்டு வட்டி 10 விழுக்காடு, பத்தாண்டுத் தவணை எனில் மாதம் சுமார் 13,200 ரூபாய் கட்ட வேண்டும். ஏழு இலட்சத்தை நம்பியவர், மாதம் 58,000 ரூபாயில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்று கணக்கிடுவார். 3.6 இலட்சம் பெறுபவருக்கோ மாதம் 30,000 ரூபாய்தான். அதில் ஏறத்தாழ 44 விழுக்காடு தவணைக்கே போய்விடும். பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது இன்னும் குறைவு.

இங்கே முகட்டுக்கும் ஒரு பொருள் உண்டு. பொதுவாகத் தொடர்ச்சியான தரவுகளில் முகடு நம்பத் தகாத அளவை. வகுப்பு இடைவெளியை மாற்றினால் அதுவும் இடம் மாறும். ஆனால் வளாகத் தேர்வில் ஒரே நிறுவனம் பலரை ஒரே சம்பளத்தில் மொத்தமாக எடுக்கிறது. எனவே 3.6 என்பது இடைவெளியைப் பொறுத்து உருவான தோற்றமன்று; ஏழு பேர் உண்மையில் கையெழுத்திட்ட எண்.

இனி, கோட்டம். இத்தரவு வலப்பக்கம் நீண்ட வால் உடையது என்பது கண்ணுக்கே தெரிகிறது. எவ்வளவு என்று கேட்டால் இரு அளவைகள் இரு விடைகளைத் தருகின்றன. சராசரியிலிருந்து இடைநிலையைக் கழித்து, மும்மடங்காக்கி, திட்டவிலக்கத்தால் வகுப்பது பியர்சன் கெழு. இங்கே திட்டவிலக்கம் 8.48 ஆதலால் அது 0.88. விலக்கங்களின் மும்மடிகளைக் கொண்டு கணிப்பது விலக்கப்பெருக்குக் கோட்டம். மென்பொருள்கள் பெரும்பாலும் இவ்வகையையே தருகின்றன. அது இங்கே 3.74. உச்சச் சம்பளக்காரரை நீக்கினால் பின்னது 1.92 ஆகப் பாதியாகிறது. பியர்சன் கெழுவோ 0.85 என்று ஏறத்தாழ அங்கேயே நிற்கிறது.

இந்த முரண்பாட்டில்தான் பாடம் இருக்கிறது. மும்மடி என்பது தொலைவில் நிற்பவரைப் பூதாகரமாக்கும் செயல், 3.74 என்ற எண்ணில் பெரும்பகுதி ஒரே ஒருவருடையது. அவரை நீக்கிய பின்னும் பியர்சன் கெழு குறையாதது, வகுப்பின் உடற்பகுதியே சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஆகவே கோட்டத்தை ஓர் எண்ணாக வாசித்து ‘மிகுதி’ என்று எழுதி நகர்வது போதாது. அந்த எண்ணை யார் உண்டாக்குகிறார் என்று நீக்கிப் பார்த்து அறிய வேண்டும். சிறு தரவில் இது மேலும் அவசியம்: 20 மதிப்புகள் மட்டும் இருக்கும்போது இந்தக் கோட்டம் எப்படிப் பார்த்தாலும் 4.13ஐத் தாண்ட இயலாது. நூறு பேரின் கோட்டத்தோடு இருபது பேரின் கோட்டத்தை அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது.

அப்படியாயின் இடைநிலையைச் சொன்னால் எல்லாம் தீர்ந்ததா? தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு கல்லூரிகளிடமிருந்து சராசரியைக் கேட்பதில்லை. வேலை பெற்றோரின் இடைநிலைச் சம்பளத்தையே கேட்டு வெளியிடுகிறது. அது நல்ல தெரிவு. ஆனால் ‘வேலை பெற்றோர்’ என்ற சொல்லில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. மேற்கண்ட வகுப்பில் வேலை தேடியவர் 30 பேர் என்றும், பத்துப் பேருக்கு வேலை கிடைக்கவில்லை என்றும் கொள்ளலாம். அந்தப் பத்துப் பேரையும் வரிசையின் அடியில் நிறுத்தினால் பதினைந்தாவது, பதினாறாவது இடங்களில் இருப்பது 3.6, இடைநிலை 4.5லிருந்து அங்கே இறங்குகிறது. மேற்படிப்புக்குச் சென்றோரை இவ்வரிசையில் சேர்க்கக் கூடாது என்பது வேறு. எத்தனை பேரில் எடுத்த இடைநிலை என்று சொல்லாதவரை, இடைநிலையும் சராசரியைப் போலவே மறைக்க வல்லது.

சராசரியை முற்றிலும் விலக்குவதும் தவறு. ஒரு நிறுவனம் அடுத்த ஆண்டின் சம்பளச் செலவை மதிப்பிட வேண்டுமெனில் சராசரியே வேண்டும்; அதை ஆள் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் கிடைக்கும். இடைநிலையைப் பெருக்கினால் நம் வகுப்பில் 140 இலட்சத்துக்குப் பதில் 90 இலட்சம் என்ற பொருளற்ற தொகையே வரும். அதேபோல் துறைவாரி இடைநிலைகளைச் சேர்த்து வகுத்துக் கல்லூரியின் இடைநிலை என்று எழுதுவதும் பிழை. எல்லாச் சம்பளங்களையும் ஒன்றாக வரிசைப்படுத்தினால்தான் அது கிடைக்கும். மொத்தத்தைக் கேட்பவருக்குச் சராசரி; நடுவில் நிற்பவரைக் கேட்பவருக்கு இடைநிலை; மிகுதியானோர் எங்கே திரண்டுள்ளனர் என்று கேட்பவருக்கு முகடு. கேள்வியே அளவையைத் தீர்மானிக்கிறது.

கடன் வாங்கும் குடும்பத்தின் கேள்வி மொத்தத்தைப் பற்றியதன்று. எனவே கல்லூரிகள் அச்சிட வேண்டிய வரி இவ்வாறு அமையலாம்: வேலை தேடியோர் 30, பெற்றோர் 20, பெற்றோரில் முதல் கால்மானம் 3.6, இடைநிலை 4.5, மூன்றாம் கால்மானம் 6 இலட்சம். இத்தனையும் ஒரே வரியில் அடங்கும். அதை அச்சிட மறுத்து, ஏழு இலட்சத்தை மட்டும் அச்சிடும் கையேடு பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு விடை சொல்கிறது.