ஆடு தேடிப் போன காவலருக்கு வீரவணக்கம்!

கொல்லிமலைத் தோழர்களே,

நவம்பர் 21. திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் 2021இல் பணியில் உயிர்விட்ட நாள். அவருக்கு நம் வீரவணக்கம். அவர் குடும்பத்தாருக்கு நம் ஆழ்ந்த இரங்கல்.

நடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். இரவு ரோந்தில் இருந்தவர், ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களைப் பார்த்து விரட்டினார். கொஞ்ச தூரம் இல்லை, மாவட்ட எல்லையே தாண்டியாச்சு. புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் பள்ளத்துப்பட்டி வரைக்கும் போய் மடக்கினார். உதவிக்கு ஆள் வரச் சொல்லி போனும் பண்ணினார். ஆள் வந்து சேருவதற்குள் அவரை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். கைதானவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள் என்பது இன்னொரு வேதனை.

அப்போது டீக்கடையில ஒரு பேச்சு அடிபட்டது. "போயும் போயும் ஒரு ஆட்டுக்காகவா உயிரை விடணும்?" பரிதாபத்துல கேட்டதுதான். ஆனா அந்தக் கேள்விக்கு நம்ம மலையில இருந்து பதில் சொல்லணும்.

ஆடுன்னா என்னன்னு நமக்குத் தெரியும். அவசரத்துக்கு விற்கிற சொத்து அது. புள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும், ஆஸ்பத்திரிக்கு நாமக்கல் இறங்கணும், பட்டியில இருந்து ரெண்டு உருப்படி போகும். பேங்க்ல நகை வைக்க வழியில்லாத வீட்டுக்கு ஆடுதான் பேங்க். ஒரு ராத்திரியில பட்டி காலியானா, புகார் கொடுக்கப் போறதுக்கே தயங்குற சனம் நாம. "ஆடுதானே" என்று சொல்லி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். பூமிநாதன் "ஆடுதானே" என்று நினைக்கவில்லை. பெருமை என்று நாம் சொல்வது அதைத்தான். பெரிய வீட்டுக் கொள்ளைக்கு எப்படி விரட்டியிருப்பாரோ, அப்படியே ஏழை வீட்டு ஆட்டுக்கும் விரட்டினார்.

இது தமிழ் மண்ணுக்குப் புதுசும் இல்லை. களவுபோன ஆநிரையை மீட்பதைக் கரந்தை என்று தனித் திணையாகவே வைத்தவர்கள் நம் முன்னோர். மாட்டைக் காக்கப் போய் மாண்டவனுக்கு ஊர் கூடி நடுகல் நட்டது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழிக் கல்வெட்டு நடுகல், இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது, ஆகோள் பூசலைத்தான் சொல்கிறது. அந்த வரிசையில் வைக்கவேண்டிய பெயர் பூமிநாதன்.

பெருமை இருக்கட்டும். துக்கத்தையும் மறைக்காமல் பேசுவோம்.

அவர் கடைசி நிமிடத்தில் தனியாக நின்றார். பிடித்தவர்கள் ஒருவருக்கு மேல், காவலுக்கு அவர் ஒருவர். விரட்டுகிற வேகத்தில் எல்லை மாறிப்போனால், உதவிக்கு வருகிறவர் இருட்டில் இடத்தைக் கண்டுபிடிக்கவே நேரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் உயிர் போனது. "வீரமரணம்" என்று போஸ்டர் ஒட்டிவிட்டு, ஏன் தனியாக நின்றார் என்று கேட்காமல் விட்டால், நம் பெருமை வெறும் பேச்சு. இரவு ரோந்துக்கு இரண்டு பேராவது சேர்ந்து போகவேண்டும், கையில் ஆயுதம் வேண்டும், பக்கத்து ஸ்டேஷனுக்கு அந்த நொடியே தகவல் போகவேண்டும். இதைக் கேட்பதும் அஞ்சலிதான்.

நம்ம ஊருக்கே வருவோம். காரவள்ளியில இருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவு. வாழவந்திநாடு ஸ்டேஷன் போலீஸ்காரர் ராத்திரி ஒருத்தனைத் துரத்திப் போய், சிக்னல் கிடைக்காத வளைவில் மாட்டினால் என்ன ஆகும்? கீழே இருந்து ஆள் ஏறி வர எவ்வளவு நேரம்? யோசித்தாலே வயிறு கலங்குது. அதனால்தான் திருச்சியில் நடந்ததை நாம் இங்கே பேசுகிறோம்.

குடும்பத்துக்கு அரசு ஒரு கோடி ரூபாயும் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தது. அது கடமை, செய்யத்தான் வேண்டும். ஆனால் ராத்திரி டியூட்டிக்குப் போனவர் காலையில் வண்டி நிறுத்தும் சத்தம் எந்தத் தொகையிலும் திரும்பாது.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட வீட்டுக்கு நாம் துக்கம் கேட்கப் போனால், "அழாதீங்கம்மா, பெருமைப்படுங்க" என்று சொல்லாதீர்கள். பெருமைப்படவேண்டியது நாம். அவர்கள் அழட்டும். கூட உட்காருங்கள். காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ் போக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக இருங்கள்.

பூமிநாதன் அவர்களுக்கு வீரவணக்கம்! வீரவணக்கம்!

#வீரவணக்கம்