செவுளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்



சென்ற இதழின் சமையல் பக்கத்தில் ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தோம். அடுத்த முறை மீன் வாங்கும்போது அதன் கண், செவுள், வாசனை, உடம்பின் இறுக்கம் ஆகிய நான்கையும் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு அக்கா எழுதியதைத்தான் இந்த மாதம் விரித்துப் பேசப்போகிறேன். கண்ணால் கண்டதை மட்டும் எழுதியிருக்கிறார். அதனால்தான் அதை வைத்து ஏதாவது சொல்ல முடிகிறது.

சனிக்கிழமை கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது லயத்தடியில் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் நின்றிருக்கிறது. பின்னால் கட்டிய ரெஜிஃபோம் பெட்டியில் ஒரு பக்கம் லின்னா, மறுபக்கம் துண்டு போட்ட கெலவல்லா. லின்னாவைப் பற்றி அவர் எழுதியது இது: "கண் லேசாக வெள்ளை படிந்திருந்தது. ஆனால் பிதுங்கித்தான் இருந்தது. செவுள் சிவப்பு. தலையைப் பிடித்துத் தூக்கினால் வால் தொங்கவில்லை. மணம் ஒன்றும் வரவில்லை." கண்ணில் வெள்ளை இருந்ததால் அதை வேண்டாம் என்றுவிட்டார். பக்கத்து வீட்டில் கெலவல்லாத் துண்டு வாங்கினார்கள். நல்ல சிவப்பாக, பார்க்க அழகாக இருந்ததாம். இரவு சாப்பிட்டு அரை மணி நேரத்தில் வீட்டில் இரண்டு பேருக்கு முகமெல்லாம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது. "அலர்ஜி" என்று நினைத்துப் படுத்துவிட்டார்கள். காலையில் சரியாகிவிட்டது.

அக்கா வேண்டாம் என்ற லின்னா, அவர் எழுதியதை வைத்துப் பார்த்தால், வாங்கியிருக்க வேண்டிய மீன். பக்கத்து வீட்டார் வாங்கிய கெலவல்லா, விட்டிருக்க வேண்டிய மீன்.

முதலில் கண். நம் அம்மாமார் எல்லோரும் சொல்லித்தந்தது கண்ணைப் பார் என்பதுதான். அதில் பிழையில்லை. புதிய மீனின் கண் வெளியே பிதுங்கி, கண்ணாடி போலத் தெளிந்து, நடுவே கருமணி கன்னங்கரேல் என்று இருக்கும். நாளாக ஆகக் கண் தட்டையாகி, பிறகு குழிவிழுந்து, கருமணி சாம்பல் நிறமாகும். ஆனால் ஐஸ் கட்டி நேராகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தாலும், ஐஸ் உருகிய தண்ணீரில் ஊறினாலும், நல்ல மீனின் கண்ணிலும் வெள்ளை படியும். பழையதானதால் வந்த வெள்ளையா, ஐஸ் பட்டு வந்த வெள்ளையா என்று பிரிக்க, கண்ணின் நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். மேலே வெள்ளை படிந்திருந்தும் கண் பிதுங்கியே இருந்தால் அது பெரும்பாலும் ஐஸ் செய்த வேலை. குழிந்திருந்தால் அந்த மீனுக்கு வயதாகிவிட்டது. நம் மலைக்கு வரும் மீன் எல்லாம் ஐஸில் புதைந்து வருவதால் இங்கே கண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

செவுளைத்தான் நான் அதிகம் நம்புவேன். இரத்தம் நிறைந்த, ஈரமான இடம் அது. கிருமி முதலில் குடியேறுவதும் அங்கேதான். செவுள் மூடியைத் தூக்கினால் புதிய மீனில் செவுள் இழைகள் பளீரென்று சிவந்து, சீப்புப் பல் போலத் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். மேலே இருக்கும் வழுவழுப்பு தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். பழசாகும்போது சிவப்பு முதலில் மங்கி, பிறகு தவிட்டு நிறமாகி, கடைசியில் சாம்பலாகும். வழுவழுப்பு பால் போலக் கலங்கி, கெட்டியாகி, இழைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அதிக நேரம் ஐஸ் தண்ணீரில் கிடந்த மீனின் செவுள் வெளுத்து இளஞ்சிவப்பாகத் தெரியலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், தவிட்டு நிறத்துக்குத்தான் பயப்பட வேண்டும். வேறு மீனின் இரத்தத்தைச் செவுளில் தடவி வைப்பவர்களும் உண்டு. ஒரு வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். தடவிய இரத்தமானால் காகிதத்தில் வந்துவிடும், அடியிலுள்ள இழையின் உண்மை நிறம் தெரியும். செவுளையே வெட்டி எறிந்துவிட்டு முழு மீன் என்று விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

இறுக்கத்துக்கு அக்கா செய்த சோதனை அருமையானது. செத்த மீன் சில மணி நேரத்தில் விறைத்துவிடும். ஐஸில் இருந்தால் அந்த விறைப்பு கொஞ்சம் கூடுதலாக நிற்கும், பிறகு தளர்ந்துவிடும். தலையைப் பிடித்துக் கிடையாகத் தூக்கும்போது லின்னா நேராக நின்றது என்றால் அது இன்னும் விறைப்பில் இருக்கிறது என்று அர்த்தம். விறைப்பு விட்ட மீன் எல்லாம் கெட்ட மீன் இல்லை. அங்கே விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். முதுகுப் பக்கத்துச் சதையில் அழுத்துங்கள். குழி உடனே எழும்பினால் வாங்கலாம். விரலின் அடையாளம் அப்படியே நின்றால் விட்டுவிடுங்கள். வயிற்றில் அழுத்திப் பார்த்து ஏமாறாதீர்கள். சாலயா போன்ற சின்ன மீன்கள் வயிறு நிறையத் தின்ற நிலையில் பிடிபட்டால், அவற்றின் சொந்தச் சீரண நீரே வயிற்றைக் கரைத்து, அன்றைக்கே வெடிக்கவைத்துவிடும்.

இனி மணம். "மணம் ஒன்றும் வரவில்லை" என்று அக்கா எழுதியதில்தான் நம் மலையின் கதை இருக்கிறது. குளிரில் எந்த வாடையும் குறைவாகத்தான் கிளம்பும். கொழும்பில் பத்தடி தள்ளி நின்றே தெரியும் வாடை, ஹட்டன் சந்தையில் மூக்கை வைத்தாலும் தெரியாமல் போகலாம். ஆகவே செவுளுக்குள் விரலை விட்டு, அந்த வழுவழுப்பை இரண்டு விரலுக்கிடையில் சூடேறும்வரை தேய்த்துவிட்டு முகர்ந்து பாருங்கள். கடல் தண்ணீர் போல, சில மீன்களில் வெள்ளரிக்காய் போல இருந்தால் நல்லது. புளித்த வாடையோ மூக்கைக் குத்தும் வாடையோ வந்தால் வேண்டாம். குளத்து, நீர்த்தேக்கத்து மீன்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. கடல் மீனில் அந்த நாற்றத்தைத் தரும் சேர்மம் திலாப்பியாவில் மிகக் குறைவு, அதனால் பழையதானாலும் அது சத்தமில்லாமல் கெடும். அதிலே வரும் சேற்று மணம் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களால் வருவது, கெட்டதற்கு அடையாளம் இல்லை. திலாப்பியாவுக்குச் செவுளும் விரல் அழுத்தமும்தான் சாட்சி.

வாடை வராததைக் கண்டு "நுவரெலியாக் குளிரே ஐஸ் பெட்டி மாதிரிதானே" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கணக்கு தவறு. ஐஸில், அதாவது 0 பாகையில், மீன் கெடும் வேகத்தை ஒன்று என்று வையுங்கள். 10 பாகையில் அது நான்கு மடங்கு. 15 பாகையில் ஆறு மடங்குக்கும் மேல். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே ஏறக்குறைய 16 பாகை. காலையில் ஐஸ் தீர்ந்த பெட்டியில் எட்டு மணி நேரம் கிடந்த மீன், ஐஸில் இரண்டு நாள் இருந்த அளவுக்கு வயதாகிவிடுகிறது. நமக்குப் போர்வை கேட்கும் குளிர், கிருமிக்கு வசந்தகாலம்.

அதற்கு முன்னாலும் ஒரு பயணம் இருக்கிறது. கொழும்பு சென்ஜோன்ஸ் சந்தையில் நடந்த மொத்த மீன் வியாபாரம் 2011இல் பேலியகொடைக்கு மாறியது. அங்கே இரவில் ஏலம் போன மீன் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக விடியும்போது ஹட்டன் ஏறுகிறது. "இன்றைக்கு வந்த மீன்" என்று மீன்காரர் சொன்னால் அது பொய்யாக இருக்காது, சந்தைக்கு இன்றுதான் வந்திருக்கும். ஆனால் கெலவல்லா, பலயா பிடிக்கும் பல நாள் படகுகள் வாரக்கணக்கில் கடலில் நிற்கின்றன. முதல் நாள் பிடித்த மீனும் கடைசி நாள் பிடித்த மீனும் ஒரே நாளில்தான் கரைக்கு வருகின்றன.

இப்போது அந்தச் சிவந்த துண்டுக்கு வருவோம். துண்டில் கண் இல்லை, செவுள் இல்லை, தோல்கூடப் பாதிதான். பார்க்க மிஞ்சுவது நிறமும் சதையும். முள்ளை ஒட்டிய கறுஞ்சதை தவிட்டு நிறமாக மாறியிருக்கிறதா, சதை அடுக்கடுக்காகப் பிரிகிறதா, தட்டில் தண்ணீர் விட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். வெட்டிய முகத்தில் வானவில் போல மினுங்குவது வெளிச்சம் சதை நாரில் படுவதால், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் இவை எல்லாம் சரியாக இருந்தும் பக்கத்து வீட்டாருக்கு நேர்ந்தது நேரலாம். கெலவல்லா, பலயா, சாலயா போன்ற மீன்களின் சதையில் உள்ள ஒரு புரதக் கூற்றை, ஐஸ் குறைந்த சில மணி நேரத்தில் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. அதற்கு நிறம் இல்லை, நாற்றமும் இல்லை. கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் கொறக்கா போட்டு வற்றவைத்தாலும் அது அழியாது. கிருமி செத்துவிடும், ஹிஸ்டமின் அப்படியே கறியில் இருக்கும். சிலருக்கு வாயில் வைத்ததும் மிளகு பட்டதுபோல நாக்கு சுறுசுறுக்கும். அதற்கு மேல் ஒரு வாய்கூடச் சாப்பிடக்கூடாது. முகம் சிவந்து, தடிப்பு வந்து, தலை வலித்தால் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன மீன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் உருவான ஒரு முறை இன்று பல நாடுகளில் மீன் தரம் பார்க்கப் பயன்படுகிறது. கண்ணுக்கு இத்தனை, செவுளுக்கு இத்தனை என்று குறைப் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். குறையே இல்லாவிட்டால் பூச்சியம். எந்த ஓர் அடையாளமும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. அக்காவின் லின்னாவுக்குக் கண்ணில் மட்டும் ஒரு புள்ளி போட்டால் போதும், செவுளுக்கும் இறுக்கத்துக்கும் பூச்சியம்தான்.

சம்பள நாளில் கூட்டத்தில் நின்று இதையெல்லாம் பார்க்க நேரம் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். இரண்டை மட்டும் விடாதீர்கள். முழு மீனென்றால் செவுளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கெலவல்லா, பலயாத் துண்டு என்றால் பெட்டிக்குள் கையை விட்டு ஐஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஐஸ் இல்லாத பெட்டியில் அந்த இரண்டு மீனையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்