பொறுத்துப் பார்ப்பதும் அஞ்சி விலகுவதும்



“வருகிற வரன்கள் எல்லாம் நல்ல வரன்களே. ஆயினும் எதற்கும் இசைய மறுக்கிறான். ஏனென்று கேட்டால், யோசித்துத்தானே முடிவு செய்ய வேண்டும் என்கிறான்.” இவ்வாறு சொல்லி வருந்தும் பெற்றோர் நம் பங்குகளில் பலர் உண்டு. மகன் சொல்வதிலும் தவறில்லை. ஆயுள் முழுமைக்கும் கொடுக்கும் வாக்கை ஆராயாமல் கொடுக்கலாகாது. ஆனால், ஆராய்கிற உள்ளமும் அஞ்சுகிற உள்ளமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பதை இம்மாதம் காண்போம்.

‘கமிட்மென்ட் ஃபோபியா’ என்னும் சொல் இன்று இளைஞரிடையே பரவலாக வழங்குகிறது. 1987-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு நூலே இச்சொல்லைப் பொதுமக்களிடையே பரப்பியது. அது மருத்துவர் வைத்த நோய்ப்பெயர் அன்று. மனநோய்களின் பட்டியல்களில் அப்படியொரு நோய் இல்லை. உளவியலார் பேசுவது ஒரு போக்கைப் பற்றியே. நெருக்கத்தை விரும்பியும், அது நிலையான பிணைப்பாக மாறப்போகும் வேளையில் உள்ளம் பின்வாங்குவதே அப்போக்கு. இது சிலரிடம் மிகுதியாகவும் சிலரிடம் குறைவாகவும் இருக்கும். அறவே இல்லாதவர் அரிது.

இதன் வேரைத் தேடியவர்களுள் மேரி எயின்ஸ்வொர்த் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையைத் தாயோடு ஓர் அறையில் இருத்தி, தாயைச் சில நிமிடங்கள் வெளியே அனுப்பி, அவர் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று அவர் உற்று நோக்கினார். பெரும்பாலான குழந்தைகள் தாயை நாடிச் சென்று ஆறுதல் பெற்றன. சில குழந்தைகளோ முகத்தைத் திருப்பிக்கொண்டு விளையாட்டுப் பொருளிலேயே கவனமாயிருந்தன. பார்ப்பவருக்கு அவை கலங்காதவைபோலத் தோன்றின. ஆனால் அத்தகைய குழந்தைகளின் இதயத்துடிப்பைப் பிற ஆய்வாளர் அளந்தபோது, உள்ளுக்குள் அவையும் கலங்கியே இருந்தன என்பது தெரிந்தது. நாடினால் ஆறுதல் கிட்டாது என்று அனுபவத்தில் கண்ட குழந்தை, நாடாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது என்பதே அம்மையார் தந்த விளக்கம்.

1987-ல் ஹேசன், ஷேவர் என்னும் இரு அறிஞர்கள் இக்கருத்தை வளர்ந்தோரிடம் சோதித்தனர். அமெரிக்காவின் டென்வர் நகர நாளிதழ் ஒன்றில் மூன்று சிறு பத்திகளை வெளியிட்டு, உங்களுக்குப் பொருந்துவது எது என்று வாசகரைக் கேட்டனர். பிறர் நெருங்கி வந்தால் தமக்குச் சங்கடமாயிருக்கிறது என்னும் பத்தியை ஏறத்தாழ நால்வரில் ஒருவர் தெரிந்துகொண்டனர். எனினும், குழந்தைப் பருவமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது என்று எண்ணிவிடலாகாது. பிற்கால அனுபவங்கள் இப்போக்கைத் தணிக்கவும் கூடும், வளர்க்கவும் கூடும்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. பலரிடம் காண்பதைச் சேர்த்து நாமே அமைத்துக்கொண்டது இது. அண்ணன், தங்கை இருவர். அண்ணனுக்கு வயது 32, வங்கியில் வேலை. முதல் வரன் வந்தபோது பெண்ணைப் பார்த்தார், பேசினார், மகிழ்ந்தார். நிச்சயத்துக்கு நாள் குறிக்கப் பெரியவர்கள் அமர்ந்த வாரத்தில் உறக்கம் கெட்டது. அப்பெண் உரக்கச் சிரிப்பது அதுவரை அவருக்குப் பிடித்திருந்தது. இப்போது அதுவே குறையாகத் தோன்றியது. “அப்பா, இரண்டு மாதம் போகட்டும்” என்றார். தவணை கிடைத்த அன்றிரவு நிம்மதியாக உறங்கினார். தவணைமேல் தவணையாகக் காலம் கடந்து வரன் கைவிட்டுப் போனபின், “அவளைப்போல் ஒருத்தி கிடைப்பாளா” என்று ஏங்கினார். இரண்டாம் வரனில் பெண்ணின் படிப்பு குறை. மூன்றாவதில் ஊர் தொலைவு. குறைகள் வெவ்வேறு, அவை முளைத்த வேளை மட்டும் ஒன்றே.

தங்கைக்கும் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குக் கடன் இருப்பதாகக் கேள்விப்பட்டார். “அண்ணா, கடன் எவ்வளவு, எதற்காக வாங்கினார், இந்த இரண்டும் தெரிய வேண்டும்” என்றார். மூன்று வாரத்தில் விவரம் தெரிந்தது. சூதாட்டக் கடன். தங்கை வேண்டாம் என்றார்; அதன்பின் அதை நினைத்து ஏங்கவுமில்லை. அடுத்த ஆண்டு வேறொரு வரனுக்கு, கேட்க வேண்டியவற்றைக் கேட்டறிந்து, இசைந்தார்.

இங்கே நுட்பமாகக் காண வேண்டியது ஒன்று உண்டு. தெளிவாக ‘வேண்டாம்’ என்றவர் தங்கை. ஆயினும் அவரிடம் இருந்தது முன்யோசனை. அண்ணனோ ஒருமுறையும் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை; ஆயினும் அவரிடம் இருந்தது அச்சம். ஆகவே மறுப்பதைக் கொண்டோ காலம் எடுப்பதைக் கொண்டோ அச்சத்தை அளக்க இயலாது. முன்யோசனையின் கேள்விக்கு விடை உண்டு; விடை கிடைத்ததும் அது ஓய்கிறது. அச்சத்தின் கேள்விக்கு விடை கிடைத்தால், அவ்விடத்தில் இன்னொரு கேள்வி முளைக்கிறது. முன்யோசனை இந்த மனிதரைப் பற்றியது. அச்சமோ யாராயிருப்பினும் குறித்த நாள் நெருங்குவதைப் பற்றியது. நாள் தள்ளிப்போனால் குறை மறைந்து ஏக்கம் திரும்புமாயின், குறை அந்தப் பெண்ணிடம் இல்லை என்று அறியலாம்.

அண்ணனின் அச்சம் ஆண்டுதோறும் வளர்ந்ததற்குக் காரணம் அந்த நிம்மதியான உறக்கமே. விலகியவுடன் கிடைக்கும் ஆறுதல், விலகியது சரியே என்று உள்ளத்துக்குக் கற்பிக்கிறது. அடுத்தமுறை அது இன்னும் விரைவாக விலகத் தூண்டுகிறது. பெற்றோர் கடிந்துகொண்டாலோ அச்சத்தோடு நெருக்கடியும் சேர்ந்து, தப்பிக்கும் வேட்கையே மிகுகிறது.

நம் திருச்சபையின் பழைய வழக்கமொன்று இங்கே நினைவுக்கு வருகிறது. திருமண ஓலையை மூன்று முறை வாசிக்க வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563-ல் விதித்தது. தடை ஏதேனும் உண்டா என்பதே ஓலை கேட்கும் கேள்வி. கேள்வி திட்டமானது, கேட்கும் காலமும் திட்டமானது. மூன்றாம் ஓலைக்குப் பின் நான்காவது இல்லை. நல்ல முன்யோசனைக்கு இவ்விரு எல்லைகளும் இருக்க வேண்டும்.

அண்ணனைப் போன்றவர்க்கும் இதுவே முதற்படி. தெரிய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, எந்த விடை கிடைத்தால் போதும் என்பதையும் முன்னரே எழுதிவைக்கட்டும். நாள் நெருங்கிப் புதுக்குறை தோன்றினால், அது தாளில் இருந்ததா என்று பார்க்கட்டும். இல்லையெனில், மெய்யான புதுச்செய்தி எதுவும் வந்ததா என்று வினவட்டும். வரவில்லையெனில், கலக்கம் இருக்கும்போதே அடுத்த சிறு அடியை எடுத்து வைக்கட்டும்; விலகாமல் நின்றால் கலக்கம் தானே தணிவதை உள்ளம் அப்போதுதான் கற்கும். பெண்ணிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது முறை. காரணம் அறியாமல் காத்திருப்பவர் அவரல்லவா? பலமுறை முயன்றும் இயலாதவர் உளவியல் ஆலோசகரை நாடட்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மணம் வேண்டாம் என்பவர் எல்லாரையும் அஞ்சுபவர் எனச் சொல்லிவிடலாகாது. தனித்து வாழ விரும்புவோர் உண்டு. துறவறத்தை நாடுவோர் உண்டு. குடியையும் கொடுமையையும் கண்டு ஒரு பெண் பின்வாங்கினால், அந்த அச்சம் நியாயமானது. அவரை ‘அஞ்சுகிறாய்’ என்று சொல்லி மணமேடைக்குத் தள்ளுவது பெரும் அநீதி. தங்கை கேட்ட கேள்வியை வாயடைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று பெற்றோர் எண்ணிப் பார்க்கட்டும்.